கையில் இருப்பது ஒரே தொகை: சம்பள உயர்வைத் துறைக்குள் பங்கிடும் முறை

முதன்முதலாக ஒரு துறையின் சம்பள உயர்வைப் பங்கிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் கொடுக்கலாம் என்று மனதில் பட்டதை எழுதினேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால், கொடுக்கப்பட்ட தொகையைவிட நான்கில் ஒரு பங்கு அதிகமாக வந்தது. உடனே வெட்ட ஆரம்பித்தேன். யார் கேள்வி கேட்க மாட்டார்களோ, அவர்களிடமிருந்துதான் வெட்டினேன் என்பது பிறகே எனக்கு உறைத்தது. அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு, அவருக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தவறு கற்றுக்கொடுத்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முறையின் சாரம் இதுதான்: யாருக்கு எத்தனை சதவீதம் என்று முதலில் தீர்மானிக்காதீர்கள். ஒருவருக்கொருவர் எந்த விகிதத்தில் பெற வேண்டும் என்பதை மட்டும் தீர்மானியுங்கள். சதவீதம் எவ்வளவு என்பதைக் கையிலிருக்கும் தொகை சொல்லட்டும்.

படி 1: தொகை உண்மையில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

"உங்கள் துறைக்கு ஐந்து சதவீதம்" என்று மேலிடம் சொல்லும்போது, அந்த ஐந்து சதவீதத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம். மாதச் சம்பளப் பட்டியலின் மொத்தம் ஐந்து சதவீதம் உயரலாம் என்பது ஒன்று. இந்த நிதியாண்டில் உயர்வுக்காகக் கையிலிருந்து போகும் பணம், ஆண்டுச் சம்பளச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம் என்பது மற்றொன்று. உயர்வு ஆண்டின் முதல் மாதத்திலேயே தொடங்கினால் இரண்டும் ஒன்றுதான். நான்காம் மாதத்தில் தொடங்கினால், முதல் கணக்கில் இந்த ஆண்டுக்கு ஒன்பது மாதச் செலவுதான் வரும், அதாவது 3.75 சதவீதம். இரண்டாம் கணக்கிலோ மாதச் சம்பளத்தை 6.67 சதவீதம் வரை உயர்த்த இடமிருக்கும். வித்தியாசம் சிறியதல்ல. நிதித்துறையிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடவே இன்னும் மூன்று கேள்விகள். காலியாக இருக்கும் பணியிடங்களின் சம்பளமும் சேர்த்துத்தான் ஐந்து சதவீதம் கணக்கிடப்பட்டதா? பதவி உயர்வு பெறுவோரின் கூடுதல் சம்பளம் இதற்குள் வருமா, அதற்குத் தனித் தொகை உண்டா? சம்பளம் கூடினால் நிறுவனம் கட்ட வேண்டிய ஓய்வூதியம், காப்பீடு போன்ற பங்களிப்புகளும் கூடுமே, அவை இந்தத் தொகையிலிருந்து எடுக்கப்படுமா? பதவி உயர்வும் இதற்குள்தான் என்றால், அதை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பங்கிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் பதவி உயர்வுக்கு மற்றவர்கள் பணம் கட்டியது கடைசி நாளில்தான் தெரியவரும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். ஆறு பேர் கொண்ட ஒரு துறை. மாதச் சம்பள மொத்தம் 3,50,000. மாதச் சம்பளப் பட்டியலில் ஐந்து சதவீத உயர்வு, அதாவது 17,500. இதில் 1,000 ஐ இப்போதே ஒதுக்கி வைக்கிறேன். அது எதற்கு என்பது பிறகு வரும். பங்கிட இருப்பது 16,500.

படி 2: சந்தையில் அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் சந்தைச் சம்பளம் ஒன்று வேண்டும். சம்பள ஆய்வுகள் சராசரி, இடைநிலை மதிப்பு இரண்டையும் தருகின்றன. இடைநிலை மதிப்பை எடுங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் சம்பளத்தை. சராசரியை மிக அதிகச் சம்பளம் வாங்கும் ஓரிருவர் மேலே இழுத்துவிடுவார்கள்.

இந்தப் படியில் பெரும்பாலோர் தடுமாறுவது பதவிப் பெயரில்தான். "மூத்த ஆய்வாளர்" என்ற பெயர் ஓரிடத்தில் மூன்று பேரை வழிநடத்துபவரைக் குறிக்கும், இன்னோரிடத்தில் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரைக் குறிக்கும். ஆய்வில் கொடுத்திருக்கும் வேலை விவரத்தைப் படித்து, அந்த ஊழியர் தினமும் செய்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரைப் பார்த்துப் பொருத்தினால், பிறகு வரும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விடை தவறாகவே இருக்கும்.

இன்னொன்று, ஆய்வுக்கு ஒரு தேதி உண்டு. உங்கள் உயர்வு நடைமுறைக்கு வரும் நாளுக்கு அந்த எண்ணை நகர்த்த வேண்டும். சந்தைச் சம்பளம் ஆண்டுக்கு நான்கு சதவீதம் நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஆய்வு ஒன்பது மாதத்துக்கு முந்தையது என்றால், மூன்று சதவீதம் கூட்ட வேண்டும். ஆய்வில் 48,500 என்றிருந்தால், இன்றைக்கு அது ஏறத்தாழ 50,000. இதைச் செய்யாமல் விட்டால், சந்தையோடு ஒப்பிடும்போது எல்லோருடைய சம்பளமும் உண்மையில் இருப்பதைவிட உயர்வாகத் தோன்றும்.

பிறகு ஒவ்வொருவரின் சம்பளத்தையும் அவரவர் வேலையின் சந்தைச் சம்பளத்தால் வகுத்தால் கிடைப்பது சந்தை விகிதம். 1.00 என்றால் சந்தையோடு சமம். 0.84 என்றால் சந்தை கொடுப்பதில் 84 சதவீதம்தான் அவருக்குக் கிடைக்கிறது. நம் ஆறு பேரின் நிலை இது. பெயர்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்திருக்கிறேன்.

| ஊழியர் | சம்பளம் | சந்தைச் சம்பளம் | விகிதம் | செயல்திறன் |
|---|---|---|---|---|
| க | 42,000 | 50,000 | 0.84 | மிகச் சிறப்பு |
| ச | 57,000 | 60,000 | 0.95 | நன்று |
| த | 50,000 | 50,000 | 1.00 | மிகச் சிறப்பு |
| ப | 69,000 | 60,000 | 1.15 | நன்று |
| ம | 51,000 | 60,000 | 0.85 | போதாது |
| வ | 81,000 | 75,000 | 1.08 | நன்று |

பகுதிநேர ஊழியர் யாராவது இருந்தால், அவருடைய விகிதத்தை முழுநேரச் சம்பளமாக மாற்றிக் கணக்கிடுங்கள். தொகையைக் கழிக்கும்போது மட்டும் உண்மையில் வாங்கும் சம்பளத்தை எடுங்கள். ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கு, அவர் வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப, அடுத்த படியில் வரும் எடையைக் குறைக்கலாம். ஆனால் அவர் சேர்ந்த சம்பளமே இந்த ஆண்டின் சந்தையை ஒட்டியது என்றால் மட்டும்தான் அது நியாயம்.

படி 3: செயல்திறனுக்கு எடை கொடுங்கள், சதவீதம் கொடுக்காதீர்கள்

"நன்று" என்பதற்கு 1 என்று வைப்போம். "மிகச் சிறப்பு" அதைவிட எவ்வளவு கூடுதலாகப் பெற வேண்டும்? நான் 1.5 வைக்கிறேன். "போதாது" என்பதற்கு 0.

இந்தப் பூஜ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ம வாங்குவது சந்தையைவிடக் குறைவு, அவருடைய வேலையும் போதவில்லை. குறைவாக வாங்குகிறாரே என்று கொஞ்சம் கொடுக்கத் தோன்றும். ஆனால் அவர் உண்மையில் போதாதவரா, புதிதாகப் பொறுப்பேற்றுக் கற்றுக்கொண்டிருப்பவரா என்று முதலில் பாருங்கள். புதியவரின் சம்பளம் சந்தைக்குக் கீழே இருப்பதும், அவர் இன்னும் முழு வேகத்துக்கு வராததும் இயல்பு. அவருக்கு "போதாது" என்று போடுவது மதிப்பீட்டில் நேரும் பிழை. அப்படிப்பட்டவருக்கு "வளர்ந்துவருகிறார்" என்று ஒரு தனி நிலை வைத்து 0.7 கொடுங்கள். ம அப்படியல்ல, மூன்றாம் ஆண்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பூஜ்யம்தான்.

படி 4: சந்தை நிலைக்கு எடை கொடுங்கள்

பல நிறுவனங்களில் இதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். நெடுக்கே செயல்திறன், குறுக்கே சந்தை விகிதத்தின் மூன்று பிரிவுகள்: 0.90 க்குக் கீழ், 0.90 முதல் 1.10 வரை, அதற்கு மேல். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சதவீதம். பார்ப்பதற்கும் விளக்குவதற்கும் எளிது. ஆனால் அதில் இரண்டு கோளாறுகள் உண்டு.

முதலாவது, சதவீதங்களை முன்கூட்டியே எழுதிவிடுவதால் மொத்தம் தொகைக்குள் அடங்கும் என்பதற்கு உறுதி இல்லை. கட்டத்திலுள்ள எண்களின் சராசரி ஐந்தாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. எந்தக் கட்டத்தில் எத்தனை சம்பளம் குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மொத்தம் அமையும்.

இரண்டாவது, எல்லைக்கோடு. 1.09 இல் இருப்பவர் நடுப்பிரிவின் முழு உயர்வையும் பெறுகிறார், 1.11 இல் இருப்பவருக்குப் பாதிதான். இருவருக்கும் இடையில் இருப்பது இரண்டு சதவீத வித்தியாசம். சந்தை ஆய்வே அந்த அளவுக்குத் துல்லியமானதல்ல. நம் பட்டியலில் வ 1.08 இல் நிற்கிறார், ச 0.95 இல் நிற்கிறார். கட்டத்தின் கணக்கில் இருவரும் ஒரே பிரிவு, ஒரே சதவீதம். சந்தையைவிட எட்டு சதவீதம் அதிகம் வாங்குபவருக்கும் ஐந்து சதவீதம் குறைவாக வாங்குபவருக்கும் ஒரே உயர்வு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் நான் கட்டத்தை விட்டுவிட்டு ஒரு சாய்வை வைக்கிறேன். சந்தை எடை என்பது 1 + 2.5 × (1 − விகிதம்). விகிதம் சரியாக 1 ஆக இருந்தால் எடையும் 1. ஒருவர் சந்தைக்குக் கீழே போகப் போக எடை கூடும், மேலே போகப் போகக் குறையும். க வின் 0.84 க்கு எடை 1.4. ச வுக்கு 1.125. வ வுக்கு 0.8. ப வுக்கு 0.625. எங்கேயும் திடீர்ச் சரிவு இல்லை.

2.5 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது ஒரு கொள்கை முடிவு. அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது ஒரே கேள்வி: நன்றாக வேலை பார்க்கும், ஆனால் 0.84 இல் இருக்கும் ஒருவர் இருக்கிறார். மிகச் சிறப்பாக வேலை பார்க்கும், 1.04 இல் இருக்கும் இன்னொருவர் இருக்கிறார். யாருக்கு அதிக சதவீதம்? 2.5 என்ற சாய்வில் முதலாமவருக்கு 1.4, இரண்டாமவருக்கு 1.5 × 0.9 = 1.35. ஏறத்தாழ சமம். திறமைக்கு இன்னும் அதிக மதிப்பு தர வேண்டும் என்று உங்கள் துறை நினைத்தால் சாய்வை 1.5 ஆகக் குறையுங்கள். சந்தைக்குப் பின்தங்கியவர்களைப் பிடித்து வைப்பதுதான் அவசரம் என்றால் 4 ஆகக் கூட்டுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, இப்படிப்பட்ட கற்பனை ஜோடிகளை வைத்து முடிவெடுத்துவிட்டால், பிறகு ஒருவருக்காக எண்ணை வளைக்கும் ஆசை வராது.

படி 5: பங்கிடுங்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்றையும் பெருக்குங்கள்: செயல்திறன் எடை, சந்தை எடை, சம்பளம். க வுக்கு 1.5 × 1.4 × 42,000 = 88,200. இப்படியே ச வுக்கு 64,125, த வுக்கு 75,000, ப வுக்கு 43,125, வ வுக்கு 64,800, ம வுக்கு 0. மொத்தம் 3,35,250. பங்கிட வேண்டிய 16,500 ஐ இதனால் வகுத்தால் 4.92 சதவீதம். இதுதான் அடிப்படை வீதம், அதாவது சந்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு நன்றாக வேலை பார்க்கும் ஒருவர் பெறும் உயர்வு. மற்ற எல்லோரும் இதன் மடங்குகள். கூட்டினால் கடைசிக் காசு வரை தொகைக்குள் அடங்கும், வெட்ட வேண்டிய வேலையே இல்லை.

விரிதாளில் B சம்பளம், C சந்தைச் சம்பளம், D செயல்திறன் எடை என்று வைத்துக்கொண்டு, சாய்வை K1 இலும் பங்கிட வேண்டிய தொகையை K2 இலும் எழுதுங்கள்.

```
E2: =B2/C2
F2: =D2*MAX(0,1+$K$1*(1-E2))
G2: =F2*B2
H2: =G2/SUM($G$2:$G$7)*$K$2
I2: =MROUND(H2,50)
```

இரண்டாம் வரியில் உள்ள MAX சந்தையைவிட மிக அதிகம் வாங்குபவருக்கு எடை எதிர்மறையாகிவிடாமல் காக்கிறது. ஐம்பதின் மடங்காக முழுமையாக்கிய பிறகு கிடைப்பது இது:

| ஊழியர் | உயர்வு | சதவீதம் |
|---|---|---|
| க | 4,350 | 10.4 |
| ச | 3,150 | 5.5 |
| த | 3,700 | 7.4 |
| ப | 2,100 | 3.0 |
| ம | 0 | 0 |
| வ | 3,200 | 4.0 |

மொத்தம் 16,500. முழுமையாக்கும்போது சில சமயம் ஐம்பதோ நூறோ மீறும். அப்படியானால் அதிக உயர்வு பெறுபவரிடமிருந்து அல்ல, முழுமையாக்கலில் அதிகம் லாபம் பெற்றவரிடமிருந்து ஐம்பதைக் குறையுங்கள்.

ஒரு நுணுக்கம். இந்தக் கணக்கில் சதவீதம் அவரவர் சம்பளத்தின் மீது விழுகிறது. ஆகவே ஏற்கனவே அதிகம் வாங்குபவருக்கு ஒவ்வொரு சதவீதமும் அதிகத் தொகையாகிறது. அதுவும் வேண்டாம் என்றால், G வரிசையில் B2 க்குப் பதில் C2 போட்டு, சந்தைச் சம்பளத்தின் மீதே கணக்கிடலாம். அப்போது ஒரே வேலை, ஒரே செயல்திறன், ஒரே விகிதம் என்பவர்களுக்கு இடையே எந்த வித்தியாசமும் வராது, சந்தைக்கு மேலே இருப்பவர்களின் வேகம்தான் இன்னும் குறையும். அப்படிச் செய்தால் சாய்வைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள்.

படி 6: சம்பள வரம்பின் உச்சத்தைச் சோதியுங்கள்

பல நிறுவனங்களில் ஒரு வேலையின் சம்பள வரம்பு சந்தைச் சம்பளத்தில் 80 முதல் 120 சதவீதம் வரை. ப வின் வேலைக்கு உச்சம் 72,000. அவருடைய புதிய சம்பளம் 71,100, வரம்புக்குள் இருக்கிறது. ஒருவேளை அவர் ஏற்கனவே 71,000 வாங்கிக்கொண்டிருந்தால், 1,000 ஐ மட்டும் சம்பளத்தில் சேர்த்து, மீதியை ஒருமுறை வழங்கும் தொகையாகக் கொடுங்கள். அவருடைய உழைப்பு கவனிக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும், ஆண்டுதோறும் தொடரும் சுமையும் ஏறாது. பிறகு அவரைக் கூட்டலிலிருந்து நீக்கிவிட்டு, மீதித் தொகையை மற்றவர்களுக்கு மீண்டும் ஒருமுறை பங்கிடுங்கள். ஒருமுறை வழங்கும் தொகைக்கு வேறு நிதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது வேறு கணக்கில் வரும்.

படி 7: அடுத்த ஆண்டில் நின்று திரும்பிப் பாருங்கள்

பலரும் தவறவிடும் படி இது. நீங்கள் உயர்த்தும்போது சந்தையும் சும்மா இருப்பதில்லை. அது நான்கு சதவீதம் நகர்ந்தால், க வின் வேலைக்கு அடுத்த ஆண்டுச் சந்தைச் சம்பளம் 52,000. அவருடைய புதிய சம்பளம் 46,350. விகிதம் 0.89. துறையிலேயே அதிக சதவீத உயர்வை அவருக்குக் கொடுத்தும், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குதான் அடைந்திருக்கிறது. பத்து சதவீதம் என்று காதில் விழும்போது பெரிதாக இருக்கும். க வைத் தேடி வருகிற வேறு நிறுவனம் அந்தப் பத்தைப் பார்க்காது, 46,350 ஐத்தான் பார்க்கும்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போங்கள். "இவரைச் சந்தைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும், நடுவில் ஒரு தனித் திருத்தம் வேண்டும்" என்று இப்போதே எழுதி வையுங்கள். ஆண்டு உயர்வுத் தொகை என்பது எல்லோரையும் சந்தையோடு நகர்த்துவதற்கே ஏறத்தாழ சரியாகப் போய்விடும். பழைய பாக்கியை அதிலிருந்து தீர்க்க முயன்றால், மற்ற ஐந்து பேரும் பின்தங்கத் தொடங்குவார்கள்.

ப வின் பக்கமும் பாருங்கள். அவருடைய சந்தைச் சம்பளம் 62,400 ஆகும். விகிதம் 1.15 இலிருந்து 1.14 ஆக இறங்கும். அவருக்கு உயர்வு கிடைத்திருக்கிறது, ஆனால் சந்தை அவரை மெல்ல எட்டிப் பிடிக்கிறது. சம்பளத்தைக் குறைக்காமலே நேரும் இந்தச் சரிசெய்தல் முறையானது, யாரையும் புண்படுத்தாதது.

படி 8: மதிப்பீடுகளைப் பிடித்து உலுக்குங்கள்

எவ்வளவு நல்ல சூத்திரமானாலும் தாராளமான மதிப்பீட்டில் நீர்த்துப்போகும். மேற்பார்வையாளர் ஒருவர், "எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான்" என்று சொல்லி ச, ப, வ மூவருக்கும் "மிகச் சிறப்பு" போட்டுவிட்டார் என்று வையுங்கள். தொகை கூடாது, 16,500 தான். எடைகளின் மொத்தம் 4,21,275 ஆகிவிடும், அடிப்படை வீதம் 3.92 சதவீதமாக இறங்கும். க வின் உயர்வு 4,350 இலிருந்து 3,450 ஆகக் குறைந்துவிடும். மாதம் 900. அந்த 900 தாராள மனம் காட்டியவரின் பையிலிருந்து போகவில்லை, துறையிலேயே குறைவாக வாங்கிக்கொண்டு நன்றாக உழைப்பவரிடமிருந்து போகிறது. இந்தக் கணக்கை ஒருமுறை விரிதாளில் மேற்பார்வையாளரின் கண் முன்னால் செய்து காட்டுங்கள். எத்தனையோ விவாதங்களில் சொல்லிப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம், யாருக்கு எது விழுந்திருக்கிறது என்று குழுவாகப் பிரித்துப் பாருங்கள். பெண்கள், ஆண்கள். நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்கள். வேறு அலுவலகத்திலிருந்து வேலை பார்ப்பவர்கள். சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும், அதற்குள் போகும் மதிப்பீடு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெளியே வருவதும் சாய்ந்தே இருக்கும். பேறுகால விடுப்பில் ஆறு மாதம் இருந்தவரை மீதி ஆறு மாத வேலையை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். "பாதி ஆண்டுதானே வேலை பார்த்தார்" என்று ஒரு படி குறைத்திருந்தால் அதைத் திருத்துங்கள்.

இன்னொரு பக்கம், சூத்திரத்தை மீறி நீங்களே கையால் மாற்றிய எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிக் காரணம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். "பழகியவர்", "கேட்டுக்கொண்டே இருக்கிறார்" என்பவற்றைத் தவிர வேறு காரணம் எழுத முடியாவிட்டால், பழைய எண்ணுக்கே திரும்பிவிடுங்கள்.

படி 9: ஒதுக்கி வைத்த 1,000

இந்த நிலையில் ஒருமுறை பட்டியலை எல்லா மேற்பார்வையாளர்களிடமும் காட்டி, "வேலைப் பொருத்தம் சரியா?" என்று மட்டும் கேளுங்கள். உயர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். பெரும்பாலும் ஏதாவது ஒன்று வெளியே வரும். நம் உதாரணத்தில், ச கடந்த ஓராண்டாக இரண்டு பேரை வழிநடத்துகிறார், பதவிப் பெயர் மட்டும் மாறவில்லை என்று தெரிகிறது. அவருடைய உண்மையான வேலைக்குச் சந்தைச் சம்பளம் 65,000. விகிதம் 0.95 அல்ல, 0.88. அதே அடிப்படை வீதத்தில் கணக்கிட்டால் அவருக்கு ஏறத்தாழ 3,650 வர வேண்டும். ஒதுக்கியதிலிருந்து 500 எடுத்துக் கொடுத்தால் போதும், மற்றவர்களின் எண்களைத் தொட வேண்டியதில்லை. இதற்காகத்தான் அந்த ஒதுக்கீடு. இல்லாவிட்டால் ஒருவரைத் திருத்த ஐந்து பேரின் எண்களும் மாறும், அதற்குள் இரண்டு பேரிடம் யாராவது பழைய எண்ணைச் சொல்லிவிட்டிருப்பார்கள்.

மீதி 500 ஐ நான் க வுக்குச் சேர்ப்பேன். 4,850 ஆகும், அடுத்த ஆண்டு விகிதம் 0.90. தொகையில் ஆறு சதவீதத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். அதிகம் ஒதுக்கினால், அதைத் தேடி வருபவர்களும் அதிகமாவார்கள்.

படி 10: ஒவ்வொருவரிடமும் சொல்வது

கடிதம் கையில் போவதற்கு முன் நேரில் பேசுங்கள். உயர்வுக்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பதை இரண்டாகவே பிரித்துச் சொல்லுங்கள். ப வோடு நடக்கும் பேச்சுதான் கடினம். நன்றாக வேலை பார்த்திருக்கிறார், ஆனால் அவருக்கு 3 சதவீதம், ச வுக்கு அதைப் போல் இரு மடங்கு. அவரிடம் நான் சொல்வது இப்படி இருக்கும்:

"உங்கள் வேலையை நன்று என்று மதிப்பிட்டிருக்கிறோம், அதில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் சம்பளம் இந்த வேலைக்குச் சந்தையில் கிடைப்பதைவிடப் பதினைந்து சதவீதம் அதிகம். அதனால்தான் இந்த ஆண்டு உயர்வு குறைவு. அடுத்த நிலைப் பொறுப்புக்கு நீங்கள் போனால், அந்த வேலையின் சந்தைச் சம்பளம் வேறு, அப்போது கணக்கும் மாறும்."

மற்றவர்களின் எண்களைப் பேச்சில் கொண்டுவராதீர்கள். முறையைச் சொல்லுங்கள், எடைகளைக்கூடச் சொல்லலாம், பக்கத்து மேசைக்காரரின் விகிதத்தைச் சொல்லக் கூடாது. "பட்ஜெட் இல்லை" என்ற ஒற்றை வரியோடும் முடிக்காதீர்கள். பட்ஜெட் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும். தனக்கு ஏன் குறைவு என்பதுதான் அவருடைய கேள்வி.

ம வோடு பேசுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள், அவரிடம் முதலில் பேசுங்கள். உயர்வு இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், சுற்றி வளைத்தால் அவர் நடுவில் எங்கோ நம்பிக்கை கொண்டுவிடுவார். எந்தெந்த வேலைகளில் எது போதவில்லை, ஆறு மாதத்தில் அது எந்த அளவுக்கு வர வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். அவருடைய விகிதம் அடுத்த ஆண்டு 0.82 ஆக இறங்கும் என்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். தேறிவிட்டால் இந்த முறையிலேயே அவருக்கு அதிக எடை கிடைக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மறுபரிசீலனைத் தேதியை அங்கேயே இருவருடைய நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.